கவனக்குறைவு இல்லீங்க

டியூஷன் மிஸ்கள் வீட்டு வாசலில் போர்டு மாட்டுவதில்லை. அங்கே கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் சின்னச் செருப்புகளே போர்டு. மாலை ஐந்தரைக்கு ஹாலில் பாய் விரியும், ஏழரைக்குச் சுருளும். இடையில் குக்கர் விசிலையும் ஏழாம் வாய்ப்பாட்டையும் ஒரே காதால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இது எல்லா மிஸ்களுக்கும் பொது. நான் சொல்ல வந்தது அவர்களில் அபூர்வமான ஒரு ரகம்: பெற்றோருக்குக் குறிப்பு எழுதும் மிஸ்.

குறிப்புக்கு மூலப்பொருள் வாட்ஸ்அப்பில் வரும் வீட்டுப்பாடப் படங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் வரும். ஒன்றில் அம்மாவின் கட்டைவிரல் நான்காம் கணக்கை மறைத்திருக்கும். ஒன்றில் ஃபேன் காற்றில் பக்கம் எழும்பி, விடைகள் எல்லாம் மலையேறியிருக்கும். ஒன்றில் போனின் நிழலே பாதிப் பக்கத்தைத் தின்றிருக்கும். மிஸ்ஸுக்கு இவற்றில் கோபமே கிடையாது. பையன் கிறுக்கிப் பார்த்த ஓரத்தை "அசிங்கமா இருக்கு" என்று அம்மா வெட்டிவிட்டு அனுப்பினால்தான் கோபம் வரும். மிஸ்ஸுக்கு வேண்டியதே அந்த அசிங்கம்தான். இன்னும் மோசம், தப்பான விடையை அழிரப்பரால் தேய்த்து, சரியானதைச் சொல்லி எழுத வைத்து, அதன் பிறகு படம் எடுப்பது. தடயத்தைக் கழுவிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுகிற மாதிரி அது.

இந்தத் தடவை மாட்டியது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். படங்களோடு அம்மாவின் வாக்குமூலமும் வந்திருந்தது: "எல்லாம் தெரியுது மிஸ், கவனம்தான் இல்ல. பத்துக்கு ஆறு சரியாப் போடறான், நாலுல கோட்டை விடறான்."

வேறொரு மிஸ்ஸாக இருந்தால் "கவனமாகச் செய்யச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி தட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். நம்முடையவர் மூன்று நாள் படங்களையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்தார். கணவர் யாரோ கல்யாண ஆல்பம் அனுப்பியிருப்பதாக நினைத்து எட்டிப் பார்த்து, கழித்தல் கணக்கு என்று தெரிந்ததும் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முதல் படத்தில் 63-ல் 21 போனால் 42. சரி. அதற்குக் கீழேயே 52-ல் 38 போனால் 26. தப்பு, 14 வரவேண்டும். இரண்டாம் படத்தில் 89-ல் 54 போனால் 35, சரி. 71-ல் 46 போனாலும் 35 என்றே இருந்தது. தப்பு, 25 வரவேண்டும். மூன்றாம் படத்தில் 400-ல் 173 போனால் 373 என்று பையன் துணிச்சலாக எழுதியிருந்தான். அதாவது நூற்றெழுபத்து மூன்று ரூபாய் செலவழித்தும் கையிருப்பில் இருபத்தேழுதான் குறைந்திருக்கிறது. இப்படி ஒரு பர்ஸ் எல்லோருக்கும் வேண்டும்.

கவனக்குறைவு என்றால் தப்பு இஷ்டத்துக்கு விழும். ஒரு நாள் ஒன்று கூடும், ஒரு நாள் ஒன்று குறையும், சில நாள் கழித்தலைக் கூட்டலாகப் போட்டுவிடுவான். இங்கே அப்படி இல்லை. மேலே இருக்கும் இலக்கம் பெரிதாக இருந்த இடமெல்லாம் சரி. கீழே பெரிய இலக்கம் வந்த இடமெல்லாம் தப்பு. 2-லிருந்து 8 போகாது என்று கண்டதும் பையன் எண்களைத் திருப்பிக்கொண்டு, 8-லிருந்து 2 எடுத்து 6 என்று எழுதிவிட்டான். 400 கணக்கிலும் அதே வேலை: 3-லிருந்து 0, 7-லிருந்து 0, 4-லிருந்து 1. ஒரு இடத்தில்கூட விதி தவறவில்லை. அவன் கவனம் அவ்வளவு சுத்தம், விதிதான் கோளாறு.

1978-ல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர், பிள்ளைகளின் கழித்தல் தப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒழுங்கான விதிகள் இருப்பதை ஆராய்ந்து கட்டுரையே எழுதினார்கள். மிஸ் அதைப் படித்ததில்லை. ஆனால் மறுநாள் அவர்கள் மெச்சும்படி ஒன்று செய்தார். பையன் பாயில் உட்கார்ந்ததும் 90-ல் 47 என்று ஒரு கணக்கு கொடுத்தார். அவன் பென்சிலை எடுக்கும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் 57 என்று எழுதிக் கவிழ்த்து வைத்தார். பையன் நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டு முடித்து நீட்டினான்: 57. மிஸ் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து அவன் விடை சரி என்றே நினைத்துவிட்டான்.

"யாருடா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"தாத்தா. பெரிசுலேர்ந்துதான் சின்னதைக் கழிக்கணும்னாரு."

தாத்தா முழு எண்ணைச் சொன்னார். பேரன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் எடுத்துக்கொண்டான். இப்போது குறிப்பு எழுத வேண்டும், ஆனால் அதில் தாத்தா வரக்கூடாது. மாதாமாதம் ஃபீஸ் கொண்டுவந்து தருபவர் அவர். மூன்று வரைவுகள் அடிபட்டுப் போனபின் குறிப்பு இப்படி நின்றது:

"அம்மாவுக்கு வணக்கம். படங்கள் எல்லாம் பார்த்தேன். தம்பிக்குக் கவனக்குறைவு இல்லீங்க. கீழே பெரிய எண் வந்தால் திருப்பிப் போட்டுக் கழிக்கிறான். ஒன்றுகள் பத்தாதபோது ஒரு பத்தை உடைத்துக்கொள்ளலாம் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கையில் கொடுத்து, 38 ரூபாய் கேளுங்கள். சில்லறை மாற்றித் தரச் சொல்லி அவனே கேட்பான். அதையே நோட்டில் எழுதிக் காட்டுங்கள்: நாலு பத்து, பன்னிரண்டு ஒன்று. விடையோடு 38-ஐக் கூட்டினால் 52 வருகிறதா என்றும் அவனையே பார்க்கச் சொல்லுங்கள். பையனை அடிக்க வேண்டாம். விடையை அழிக்கவும் வேண்டாம்."

பதிலாக அம்மாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அப்பாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "சரிங்க மிஸ், தினமும் இருபது கணக்கு எக்ஸ்ட்ராவா போட வெச்சிடறேன்." மிஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதே விதியோடு இருபது கணக்கு போட்டால் தப்புதான் கைக்கு நன்றாகப் பழகும். "இருபது வேண்டாம் சார், நாலு போதும், காசை வைத்துப் போடட்டும்" என்று பின்குறிப்பு போனது. 400-ஐப் பற்றி வேண்டுமென்றே மூச்சு விடவில்லை. அங்கே உடைக்கப் பத்தே கிடையாது, நூறு வரை ஏறிப்போய் உடைத்துக்கொண்டு வரவேண்டும். அது அடுத்த வாரத்துப் பஞ்சாயத்து.

காசு வேலை செய்தது. நான்காம் நாள் ராத்திரி வந்த படத்தில் 52-ல் 38 போய் 14 என்று பளிச்சென்று இருந்தது. 71-ல் 46 போய் 25. மிஸ் படத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினார். 68-ல் 23 போனால் 315.

நிமிர்ந்து உட்கார்ந்தார். 8-லிருந்து 3 தாராளமாகப் போகும். பையன் அதற்கும் ஒரு பத்தைக் கடன் வாங்கி, 18-லிருந்து 3 போக 15 என்று அப்படியே எழுதி, பக்கத்தில் 3-ஐ வைத்திருந்தான். அடுத்த கணக்கிலும் கடன், அதற்கடுத்ததிலும் கடன். புது விதி! கணவரை எழுப்பிக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, மிஸ் உற்சாகமாகத் தட்ட ஆரம்பித்தார்: "அம்மாவுக்கு வணக்கம். தம்பி இப்போது தேவை இல்லாத இடத்திலும் கடன் வாங்குகிறான்..."

இந்தத் தடவை அம்மாவின் பதில் உடனே வந்தது.

"அது அவங்க அப்பா மாதிரி மிஸ்."