பழநி பாதயாத்திரைக்கு இரண்டு அண்டா போதும்

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழநி நடந்து செல்லும் ஐம்பது பேருக்கு, ஆறு தொண்டர்களும் இரவல் பாத்திரங்களும் மட்டுமே கொண்டு சாத்விக உணவு சமைக்க இயலுமா?
– வாசகர், சிங்காநல்லூர்

பதில்: இயலும், ஆனால் சோறு, சாம்பார், பொரியல் எனப் பிரித்தால் அடுப்பைவிட ஆட்களே முதலில் கொதிப்பார்கள். கொங்கு நாட்டின் அரிசியும் பருப்பும் சாதம் ஒரே பாத்திரத்தில் வேகும் முழு உணவாதலால், அதுவே இங்குப் பொருந்தும். வழக்கமான சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சாத்விகம், அதாவது மந்தமும் கிளர்ச்சியும் தராத உணவுமுறை, விலக்குவதால், அவற்றின் மணத்தைச் சீரகம், மிளகு, பெருங்காயத்தைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும்.

ஐவருக்கு அரைக் கிலோ எனக் கொண்டால், ஐந்து கிலோ அரிசியும் ஒன்றேகால் கிலோ துவரம்பருப்பும் வேண்டும். இதை ஒரே அண்டாவில் ஏற்றினால் அடி கருகி மேல் அரிசி விறைத்து நிற்குமாதலால், இருபத்தைந்து லிட்டர் கொள்ளும் இரண்டு பாத்திரங்களில் பாதிபாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சுமார் பன்னிரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து, ஊறிய பருப்பை அதில் முதலில் அரைவேக்காடாக்கி, பிறகே அரிசியைச் சேர்க்க வேண்டும். நீர் அரிசி மட்டத்துக்கு இறங்கியதும் தீயைத் தணித்து மூடிவிட வேண்டும்.

கருகல் வாடை எழுந்தால் கரண்டியை அடியில் விடலாகாது. மேற்சோற்றை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் பந்தி காப்பாற்றப்படும். இரவல் பாத்திரத்தில் பழைய மசாலா வாடை இருக்கக்கூடுமாதலால், முதல்நாளே புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள்.