தரமான சம்பவம்

வக்கீலுக்குக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயை யார் கணக்கில் எழுதுவது என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. மகன் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. "நான் என்னப்பா பண்ணேன்? போன்ல பேசினேன், அவ்வளவுதானே?" என்பது அவன் கட்சி. அம்மா எந்தக் கட்சியிலும் இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுகிற தமிழைப் பற்றி எனக்கு ஒரு முக்கியமான கருத்து உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் ஆறிவிடும்.

அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்ததில் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு கொஞ்சம்தான். மீதி முழுவதும் தினத்தந்தி. 1942இல் எங்கள் மதுரையில் தொடங்கிய பத்திரிகை, அம்மாவைவிட மூத்தது. எங்கள் தெரு டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர் உரக்க வாசிக்க, திண்ணையில் இருந்து கேட்டே பாதி எழுத்தைப் பிடித்தவர் அம்மா. இன்றைக்கும் காலையில் காபி ஆறினாலும் பரவாயில்லை, 'ஓட ஓட விரட்டி' வெட்டப்பட்டவர் பிழைத்தாரா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும்.

ஆகவே 'சம்பவம்' என்றால் அம்மாவுக்கு ஒரே பொருள்தான். சம்பவம் நடக்கும். போலீசார் சம்பவ இடத்துக்கு விரைவார்கள். அப்பகுதியில் பெரும் பரபரப்பு நிலவும். எவர் உயிரும் போகாத சம்பவத்தை அம்மா வாசித்ததே கிடையாது.

என் மகனுக்கோ எல்லாமே சம்பவம். பிரியாணியில் லெக் பீஸ் விழுந்தால் சம்பவம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் சம்பவம். இன்டர்னல் தேர்வில் பாஸ் ஆகிவிட்டால் அது தரமான சம்பவம். அதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் 'மரண' என்று ஒன்றை முன்னால் மாட்டிக்கொள்வான். மரண மாஸ், மரண பங்கம், மரண மொக்கை. மரணம் என்ற சொல் தன் வேலையை விட்டுவிட்டு 'ரொம்ப' என்ற சொல்லின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் தலைமுறை மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நாங்களும் அறுத்தோம், ஒப்புக்கொள்கிறேன். கழுத்தறுப்பு, பிளேடு, ரம்பம், கடி எல்லாம் எங்கள் சொத்து. ஆனால் ரம்பம் போட்டவனையும் போடப்பட்டவனையும் மறுநாள் ஒரே கேன்டீனில் பார்க்கலாம். எங்கள் வன்முறை தச்சுப்பட்டறையோடு நின்றது. இவர்களுடையது பிணவறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறது.

அன்று காலை ஹாலில் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மகன் ஊஞ்சலில் படுத்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். முந்தின இரவு அவன் வீடு திரும்பியபோது மணி இரண்டு. அம்மா பிறகு தன் தம்பியிடம் வரி பிசகாமல் ஒப்பித்த பேச்சு இது:

"டேய், நேத்து தரமான சம்பவம்டா. பாடிய அவன் வீட்லேர்ந்தே தூக்கினோம். நம்ம ஸ்பாட்டுக்குக் கொண்டுவந்து வச்சு செஞ்சுட்டோம். கதறிட்டான்! அப்புறம் பாடிய பைக்ல நடுவுல உக்கார வச்சு, அவன் வீட்டு வாசல்லயே எறக்கிட்டு வந்துட்டோம். அவங்கம்மா கதவத் தொறக்கறதுக்குள்ள எஸ்கேப்பு. கத்தி எங்கிட்டதான் இருக்கு, கழுவிக் குடுத்துடறேன். அவங்கம்மா கத்தினத நெனச்சா, ஐயோ, செத்துட்டேன்டா."

அம்மா கூச்சல் போடவில்லை. கையில் இருந்த கீரைக் காம்பைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனார். வாளிக்குள் அவன் சட்டை கிடந்தது, மார்பெல்லாம் சிவப்பு. சோடா உப்பு போட்டு, கல்லில் அடித்து, கொல்லையில் யார் கண்ணிலும் படாத பக்கம் காயப் போட்டார். அவன் பையில் இருந்த கத்தியைத் தினத்தந்தியிலேயே சுருட்டி அரிசி டிரம்முக்குள் அழுத்தினார். பிறகு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து, அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு வேண்டிக்கொள்ளப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார். கருப்பு சாதாரண சாமி இல்லை. பங்காளி வழக்கு, பண வழக்கு எல்லாவற்றுக்கும் சனங்கள் அந்தக் கதவுக்கு முன்னால்தான் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்வார்கள். அங்கே போய் ஒன்றை மறைக்க முடியாது. வழக்கின் தன்மையை உத்தேசித்து, காசை மீனாட்சிக்கு மாற்றிக்கொண்டார்.

அதன்பிறகு திருமங்கலத்தில் இருக்கும் தன் தம்பிக்குப் போன் செய்தார். என் மாமா, ஓய்வுபெற்ற ஏட்டு. "தம்பி, உடனே கெளம்பி வா. போன்ல பேச முடியாது." நாற்பது வருடம் ஸ்டேஷனில் இருந்த மனிதருக்கு அது போதும். கோர்ட் டூட்டி பார்த்த காலத்தில் பழக்கமான ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டே வந்து இறங்கினார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்றவன் என்ற முறையில் நான் உடந்தையாக இருக்கலாம் என்று மாமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம்.

சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது வாசலில் அறிமுகமில்லாத கறுப்புக் கோட்டு ஒன்று கொடியில் தொங்கியது. உள்ளே மாமா என் மகனின் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கேஸ் கட்டு எழுதிக்கொண்டிருந்தார். அம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, மாமா ஒவ்வொன்றுக்கும் செக்‌ஷன் போட, வக்கீல் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டிருந்தார். மாமா ஓய்வுபெற்ற பிறகு, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆள் மாறவில்லை, குற்றம் மாறவில்லை, நம்பர் மட்டும் மாறிவிட்டது. மாமாவுக்கு அதை மனசு ஏற்கவில்லை.

"வீட்லேர்ந்து தூக்கினாய்ங்க. கொல்றதுக்குக் கடத்தல், 364."

"இப்ப 140ண்ணே."

"வச்சு செஞ்சுட்டாய்ங்க. 302."

"103ண்ணே."

"என்னய்யா 103? முந்நூத்தி ரெண்டுன்னாதானய்யா கேக்கறவனுக்கு வயித்தக் கலக்கும்! 103ங்கறது காய்ச்சல் மாதிரி இருக்கு."

"சட்டம் அப்படிண்ணே."

"சரி, 'தூக்கினோம்', 'செஞ்சோம்'னு பன்மையில பேசியிருக்கான். கூட்டா செஞ்சது. 34."

"3, உட்பிரிவு 5."

மாமா இங்கே பேனாவை வைத்துவிட்டார். அம்மா பக்கம் திரும்பி, "அக்கா, அந்தச் சட்டைய நீ தொவச்சிருக்கக் கூடாது. சாட்சியத்த அழிச்சது, 201. ஒன்மேலயும் ஒண்ணு விழும்" என்றார்.

"238ண்ணே."

"எத்தனையா இருந்தா என்ன? பிள்ளைக்காக நான் போறேன்" என்று அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். மேலூர் தாண்டிப் போகாத என் தாயார், முகம் தெரியாத ஒரு சிறைக்குப் போக அந்த நிமிடமே தயார்.

"கடைசியில 'செத்துட்டேன்'னான்" என்றார் அம்மா மெதுவாக. "மனசாட்சி உள்ள பிள்ள."

"தற்கொல முயற்சி, 309" என்றார் மாமா.

"அந்தப் பிரிவையே எடுத்துட்டாங்கண்ணே."

"அப்படியா?" மாமாவின் முகத்தில் இருந்த துக்கம் கொலைக்கானது இல்லை, அந்தப் பிரிவுக்கானது. முன்ஜாமீனுக்கும் 438 போய் 482 வந்துவிட்டது என்று வக்கீல் சொன்னபோது, மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். அமர்வு நீதிமன்றத்திலா, நேரே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. பேச்சு வளர வளர ஃபீஸும் வளரும் என்பதால் நான் மாடிக்குப் போய், தூங்கிக்கொண்டிருந்த கொலையாளியை எழுப்பி இழுத்துவந்தேன்.

"யார்றா அந்தப் பாடி?" என்றார் மாமா, பழைய குரலில்.

"பாடியா தாத்தா? காலேஜ் போயிருக்கான்."

"பாடி எப்படிடா காலேஜ் போகும்?"

"பஸ்லதான்."

விஷயம் இவ்வளவுதான். 'பாடி' என்பது ஒரு பையன். மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறான், உடம்பு ஏறவில்லை, ஆகவே அந்தப் பெயர். அன்று அவனுக்குப் பிறந்தநாள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு வீட்டிலிருந்து 'தூக்கி', டீக்கடைக்குப் பக்கத்துக் காலி மனைக்குக் கொண்டுபோய், பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு உதை, தலையில் முட்டை, முகத்தில் கேக், மேலெல்லாம் சிவப்புச் சாயப்பொடி. கேக் வெட்டிய கத்தி டீக்கடைக்காரருடையது. மகன் வீடியோ காலில் கூப்பிட்டான். திரையில் வந்த பாடிக்குக் காது மடல் இரண்டும் இன்னும் ரோஸ் கலரில் இருந்தன. "ஹாய் தாத்தா" என்றது பாடி.

மாமா பதில் சொல்லவில்லை. கொலையே இல்லாத வீட்டுக்கு பஸ் பிடித்து வந்துவிட்ட ஏமாற்றம். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. "கத்தியில கேக் வெட்டறதே கேஸ்தான் மாப்ளே. 2018ல பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்துல ஒரு ரவுடி பொறந்தநாளுக்கு அரிவாள்ல கேக் வெட்டினான். போலீஸ் சுத்தி வளச்சு எழுபது பேருக்கு மேல அள்ளிட்டுப் போச்சு, தெரியும்ல?" என்றார் என்னைப் பார்த்து. நான் என்ன வெட்டினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா போனை வாங்கி அந்தப் பையனை உற்றுப் பார்த்தார். "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் பாட்டி" என்று பதில் வந்ததும் போனைக் கொடுத்துவிட்டுப் பேரன் பக்கம் திரும்பினார்.

"தலையில என்னத்த ஒடச்சீக?"

"முட்ட, அப்பத்தா."

"எத்தன?"

"ரெண்டு அட்ட."

அதுவரை கொலைகாரனுக்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக இருந்த அம்மா, அப்போதுதான் விளக்குமாற்றைத் தேடினார். இரண்டு அட்டை என்றால் அறுபது முட்டை. ஒரு முட்டையை நூலால் அறுத்து நாலு பேருக்குக் குழம்பில் போட்ட வீடு எங்களுடையது. ஆளைக் கொன்றாலும் ஆயிரம் காரணம் இருக்கும், முட்டையைக் கொட்ட ஒரு காரணமும் கிடையாது என்பது அம்மாவின் தீர்ப்பு. மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. மூன்று வேளையும் அவனுக்கு முருங்கைக்கீரைதான்.

இதில் எனக்கு எரிச்சல் எதில் என்றால், யாருக்கும் வெட்கமே இல்லை. மகன் இந்தக் கதையைத் தன் கூட்டத்துக்குச் சொல்லி, "அப்பத்தா வேற லெவல்டா, சம்பவம் பண்ணிருச்சு" என்று சிரிக்கிறான். அம்மா அதையும் கேட்டுவிட்டு, "நான் என்னடா சம்பவம் பண்ணேன்?" என்று பதறுகிறார். நடுவில் உட்கார்ந்து இந்தத் தமிழுக்கும் அந்தத் தமிழுக்கும் பொருள் சொல்ல என்னால் முடியாது. எனக்கு ஆபீஸ் இருக்கிறது.

ஆகவே வீட்டில் வயதுவந்த பிள்ளையும் தினத்தந்தி வாசிக்கும் பெரியவரும் சேர்ந்து இருக்கப்பெற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையைத் திருத்த முயலாதீர்கள், நடக்காது. பத்திரிகையை நிறுத்தவும் முயலாதீர்கள், அது அதைவிட நடக்காது. போன் வந்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசச் சொல்லுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முக்கியமாக, சொந்தத்தில் ஓய்வுபெற்ற ஏட்டு யாராவது இருந்தால், அவர் நம்பரை அம்மாவின் போனிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.