வைத்தியருக்குப் பிறந்தநாள் வாழ்த்து: ஒரு சிறு விசாரணை

'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் முடிவில் நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்வோன் என நான்கு உறுப்புக்களை வகுத்த திருவள்ளுவர், அவ்வைத்தியனுக்கும் ஆண்டுக்கொருமுறை பிறந்தநாள் வரும் என்பதையும், அன்று நோயாளி நன்றி தோய்ந்த இரண்டு வரி எழுதித் தருவதில் நேரும் சங்கடங்களையும் கூறாது விட்டமையால், அக்குறையை நிவர்த்தி செய்வதே இவ்விசாரணையின் பிரயோஜனமாகும்.

ஆய்வுக்களம், புனே நகரில் முளா நதியோரத்துப் போபோடி. ஆய்வுப்பொருள், எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைக்கும் நாடி பார்த்தவரும், தமிழில் 'நாக்கை நீட்டுங்க', 'வயித்தால போகுதா' என்னும் இரண்டு வாக்கியங்களை மட்டும் பழுதறக் கற்றவருமாகிய மராத்திய டாக்டர்.

முதற்கண் பூர்வபட்சம். 'தாங்கள் நீடூழி வாழ்ந்து எங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்' என்று யான் எழுதிய வாசகத்தைக் கேட்ட என் தாயார், "ஏன்டா, அவர் இருக்கிற வரைக்கும் நாம படுத்தே கிடக்கணுமா?" என்று ஒரே வினாவால் கண்டித்தார். மராத்தி வழக்கைத் தழுவி 'வாட்திவஸாச்யா ஹார்திக் சுபேச்சா' என எழுதலாமெனின், 'ஹார்திக்' என்பது இருதயத்தைக் குறிப்பதாகலின், என் ரத்த அழுத்தத்தை அறிந்த அவர் அதை வாழ்த்தாகக் கொள்ளாது நோய்க்குறியாகவே கொண்டு ஸ்டெதஸ்கோப்பை எடுப்பார். 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்' என்பதோ, அவரைவிடப் பத்து வயது மூத்த என் தாயாரும் கையொப்பமிடும் கடிதத்திற்குப் பொருந்தாது.

இவற்றினும் பெரிய இடர், கடிதத்தை முடிக்குமிடத்தே உள்ளது. தமிழர் விடைபெறுங்கால் 'போகிறேன்' என்பது அமங்கலமென்று 'போய்வருகிறேன்' என்பர். வைத்தியரிடத்திலோ போவதும் அமங்கலம், திரும்பி வருவது அதனினும் அமங்கலம். மராத்தியில் தப்பலாமோ எனின், அவர்களும் அதே அச்சத்தால் 'வருகிறேன்' என்னும் பொருள்பட ஆடவர் 'யேதோ' என்றும் பெண்டிர் 'யேதே' என்றுமே விடைபெறுவர். தமிழிலும் மராத்தியிலும் மங்கலச் சொல்லாகிய ஒன்று மருந்தகத்தின் வாயிற்படியில் மட்டும் சாபமாக மாறும் விந்தையை இலக்கண நூலாசிரியர் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

நாம் வருவதாகச் சொல்லாது அவரை வரச் சொல்லின் என்ன என்று யான் ஒரு சமாதானம் கூற, டாக்டர் வீடு தேடி வருவதைக் கண்டால் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிடுவர் என்று என் மனைவி மறுத்தாள்.

ஆகவே சித்தாந்தம் என் தாயார் வாயிலாகவே பிறந்தது. என் மகள் அதனை மராத்தியாக்கி எழுதினாள்:

"டாக்டருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. இந்த வாரம் எங்க வீட்டுல எல்லாரும் சௌக்கியம், அதுக்கு நீங்கதான் காரணம். ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க. பையை மட்டும் வச்சிட்டு வாங்க."