நன்றி: கூகுள்

பினாங்கு ஜார்ஜ்டவுன் பற்றிய ஸ்லைடுகளில் ஆர்மீனியன் சாலைச் சுவரோவியத்தின் சைக்கிள் பிள்ளைகள் தவறாமல் வந்துவிடுவார்கள். கீழே 'நன்றி: கூகுள்' என்றிருக்கும். 2012இல் கூகுள் தூரிகையோடு அந்தச் சுவரருகே நின்றதாகத் தகவல் இல்லை. வரைந்தவர் லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சாகரேவிச். அதைப் படமெடுத்தவர் வேறொருவர். ஆகவே பெயர் இரண்டு, வரி ஒன்று: 'ஓவியம்: எர்னஸ்ட் சாகரேவிச், படம்: இன்னார், CC BY 4.0'. படத்தின் கீழ் விளிம்பில், 10 புள்ளி எழுத்தில், பின்னணியோடு மோதாத சாம்பல் நிறத்தில் இருந்தால் போதும். தேடுபவருக்குத் தெரியும், கேட்பவரை இழுக்காது. இணைய முகவரியும் உரிம இணைப்பும் கடைசி ஸ்லைடுக்குப் போகலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் கேட்பது இவற்றை நியாயமான முறையில் சொல்வதைத்தான். முழு முகவரியையும் படத்தின் குறுக்கே ஒட்டினால் பிள்ளைகளின் முகம் மறையும். பேச்சாளர் அதை எழுத்தெழுத்தாக வாசிக்கத் தொடங்கினாலோ, அரங்கம் மொத்தமும் நாசி கண்டாருக்குக் கிளம்பிவிடும்.