ஸ்டிக்கர் சமஸ்தானத்துக்கு ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய ஆர்.ஓ. மெஷின் கம்பெனியின் ஏ.எம்.சி. பிரிவாருக்கு,

தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று நேற்று போன் செய்தேன். "ஏ.எம்.சி. முடிய நாலு நாள்தான் சார் இருக்கு, ரெனியூ பண்ணுங்க, ஆள் வரும். அதுவரைக்கும் கொதிக்க வெச்சுக் குடிங்க" என்று தங்கள் பிரதிநிதி அருளினார். கொதித்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. சுண்டச் சுண்ட ரசம் கரிப்பது தெரியாதவரையா போனில் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

மன்னிக்கவும். போனை வைத்த கையோடு வந்து சேர்ந்த தங்கள் புதுப்பிப்புக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சென்ற வருடம் 4,500 ரூபாய், இந்த வருடம் 6,300. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 7,434. கூடுதல் சலுகைகள்: முன்னுரிமை சேவை, இலவச டி.டி.எஸ். பரிசோதனை. ஸ்டிக்கரைத் தன்னடக்கத்தால் குறிப்பிடவில்லை போலும். ஒவ்வொரு சர்வீஸுக்கும் தங்கள் டெக்னீஷியன் தவறாமல் மாற்றிய ஒரே பாகம் அதுதான்.

சென்ற முறை அவர் மெஷின் குழாய்த் தண்ணீரில் மீட்டரை முக்கி, "310, சூப்பர் ரீடிங் சார்" என்றார். 500-க்குள் இருந்தால் நல்லது என்று இந்தியத் தரநிலையே சொல்கிறதாம். உண்மைதான். ஆனால் மெஷின் வேலை செய்கிறதா என்பதை வெளியே வரும் தண்ணீர் மட்டும் சொல்லாது. உள்ளே போவதையும் அளக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் 1,200. மெஷின் புதிதில் 60-தான் வெளியே வந்தது, அதாவது 95 சதவீத உப்பு நின்றது. இப்போது நிற்பது 74 சதவீதம். டி.டி.எஸ். திருகையும் மூடிப் பார்த்துவிட்டேன், எண் இறங்கவில்லை. மெம்பரேன் போய்விட்டது. ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

அந்த மெம்பரேன்தான் தங்கள் "முழுமையான" ஒப்பந்தத்தில் இல்லை. தேய்மானப் பொருளாம், தனிக்காசாம். சேறு வடிகட்டும் ஃபில்டரும் சேர்த்தியில்லை. அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் அழுக்கு ஏறி மெம்பரேன்தான் முதலில் அடிவாங்கும். தேய்கிற எதுவும் கிடையாது என்றால் எதைப் பராமரிக்க ஐயா முன்பணம் வாங்குகிறீர்கள்? தேயாத பிளாஸ்டிக் டப்பாவையா?

கோபமில்லை, பக்திதான். புதுப்பிக்கச் சித்தமாக இருக்கிறேன், என் பங்குக்கும் சில திருத்தங்களோடு. ஃபில்டர்களும் ஒரு மெம்பரேனும் கட்டணத்துக்குள் வர வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் உள்ளே போவது, வெளியே வருவது இரண்டையும் அளந்து, இடமிருந்தால் அந்த ஸ்டிக்கரிலேயே எழுதலாம். உப்பு நிற்பது 85 சதவீதத்துக்குக் கீழே போனால் மெம்பரேனை மாற்ற வேண்டும். பாதிப் பணம் இப்போது, மீதி ஆறு மாதம் கழித்து, மீட்டர் காட்டுகிற எண்ணைப் பார்த்து.

இப்படிக்கு,
இன்று கேன் தண்ணீர் வாங்கிய வாடிக்கையாளன்