அப்பா இல்லாத போட்டோக்கள்

ஸ்டுட்கார்ட்,
20 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல போடற படத்துக்காக நான் பேசி அனுப்பின சாம்பிளைக் கேட்டுட்டு, "உனக்குத் தொண்டை கட்டிடுச்சா, இல்ல திருட்டுத்தனமா எங்கயாவது ஒளிஞ்சு பேசறியாக்கா?"ன்னு கேட்டிருந்தே. ரெண்டாவதுதான். துணி அலமாரிக்குள்ள உக்காந்து பேசறேன்.

இங்க ஞாயித்துக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில போடக் கூடாது, கண்ணாடி உடையற சத்தம் கேக்குமாம். வாரநாள்லயும் ராத்திரி 10 மணிக்கு மேல காலைல 6 வரைக்கும் அதே கதைதான். மத்த நேரத்துலகூட நம்ம குரல் நம்ம அறையோட நின்னுடணும்னு வீட்டு விதி அச்சடிச்சு மாடிப்படிகிட்ட ஒட்டியிருக்கு. முதல் தடவை, "எங்கள் அன்பு அப்பாவுக்கு"ன்னு நம்ம வீட்டுக் குரல்லயே ஆரம்பிச்சேன். மறுநாள் கதவுல ஒரு சீட்டு. கையெழுத்து ரொம்ப அழகு. யாரோட சண்டை போடறீங்கன்னு மட்டும் கேக்கல, மத்ததெல்லாம் இருந்தது. தெருமுனையில நிக்கற பால்காரர்கிட்ட வீட்டுக்குள்ள இருந்தே கணக்குப் பேசற மனுஷனோட பொண்ணு நான். இங்க தும்மறதுக்குக்கூட திங்கக்கிழமை வரட்டும்னு பாக்கறேன்.

ஆனா அலமாரி மோசமில்லடா. தொங்கற ஸ்வெட்டரெல்லாம் எதிரொலியைக் குடிச்சிடுது. வெறும் ரூம்ல பதிஞ்சா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்கும், ஹால் ஸ்பீக்கர்ல இன்னும் கேவலம். நீ பேச வேண்டிய பகுதியையும் பீரோவைத் திறந்து வெச்சு, அம்மாவோட புடவைக்குள்ள முகத்தை விட்டுப் பேசு. அம்மா கேட்டா பூச்சி பாக்கறேன்னு சொல்லு. அம்மாகிட்ட ரகசியம் சொன்னா அன்னிக்கு சாயந்திரமே ராமநாயக்கன் ஏரியில வாக்கிங் போறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

சரி, விஷயத்துக்கு வரேன். படம் ஏழு நிமிஷம்தான், அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஏழு நிமிஷம்னா 420 செகண்ட். தனி ஆள் படத்துக்கு அஞ்சு செகண்ட் போதும். கூட்டமா நிக்கற படத்துக்கு எட்டு வேணும், ஏன்னா யாரும் அப்பாவைப் பாக்க மாட்டாங்க, தன் மூஞ்சியைத்தான் தேடுவாங்க. அந்தக் கணக்குல சுமார் 65 படம் வரும். நீ அனுப்பினது நானூறு சொச்சம். அதுல பாதி உன் பைக். பெரியப்பா வீடு, தளி மாமா வீடு, ஆனேக்கல் அத்தை வீடுன்னு ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குரூப் போட்டோ கட்டாயம் வெச்சிருக்கேன். யாரையாவது விட்டா அடுத்த கல்யாணம் வரைக்கும் பேச்சு வாங்கணும். அத்தை பசங்களுக்குத் தமிழ் புரியும், படிக்கத்தான் வராது, கன்னடம் மட்டும்தான். அதனால திரையில வருஷத்தை மட்டும் எண்ணுல போட்டிருக்கேன். மத்ததெல்லாம் குரல்.

எல்லாத்தையும் வருஷ வாரியா அடுக்கினப்பதான் ஒண்ணு தெரிஞ்சது. 1986-லேர்ந்து 2023 வரைக்கும் அப்பா இருந்தது சிப்காட்ல. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட், நடுவுல ஓ.டி. கேமராவை கேட்லயே வாங்கி வெச்சிடுவாங்க. அதனால அந்த முப்பத்தேழு வருஷத்துக்கு, அவர் வேலை செய்யற படம் ஒண்ணுகூட கிடையாது. நம்மகிட்ட இருக்கறதெல்லாம் காதுகுத்து, கல்யாணம், கே.ஆர்.பி. அணை பூங்கா, சந்திரசூடேஸ்வரர் மலை. இதை மட்டும் ஓட்டினா, வாழ்நாள் பூரா லீவுல சுத்தின மனுஷன்னு நினைப்பாங்க. என் காதுகுத்துப் படத்துல அப்பாவே இல்ல, செகண்ட் ஷிப்ட்.

ஒரே ஒரு படம் தப்பிச்சிருக்கு. 1994 ஆயுத பூஜை. அன்னிக்கு மட்டும் குடும்பத்தை உள்ள விடுவாங்களே, மெஷினுக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பக்கத்துல அப்பா இஸ்திரி போட்ட சட்டையோட நிக்கறார். அதுவும் வேலை செய்யாத நாள்தான், இருந்தாலும் அதுதான் படத்தோட நடு. அங்க பாட்டை நிறுத்திட்டேன், பத்து செகண்ட் குடுத்திருக்கேன்.

மீதியைப் பேச்சாலதான் நிரப்பணும். அதனால, "இது அப்பா அம்மா கல்யாணம்"னு நீ எழுதின வரியை அடிச்சிட்டேன். மாலையும் கழுத்துமா நிக்கறது எல்லாருக்கும் தெரியுதே. அதுக்குப் பதிலா, "மூணு நாள்தான் லீவு. நாலாம் நாள் நைட் ஷிப்ட். அம்மா இன்னும் மன்னிக்கல." எட்டு செகண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கும். பன்னிரண்டு வார்த்தையைத் தாண்டினா அடுத்த படம் வந்து நிக்கும், நீ இன்னும் பழைய படத்தைப் பத்திப் பேசிட்டிருப்பே. டிவிஎஸ் 50 மேல நாம நாலு பேரும் உக்காந்திருக்கற படத்துக்கு வசனமே வேண்டாம். நம்ம ஊர்ல செஞ்ச வண்டி, அது என்ன பாடுபட்டுச்சுன்னு வர்றவங்க எல்லாருக்கும் தெரியும்.

ஆரம்ப வரி மட்டும் நான் பெருமையா எழுதினது. அப்பா பிறந்த 1965 ஆவணியில ஓசூர் சேலம் மாவட்டம். அந்த அக்டோபர்ல தர்மபுரி மாவட்டம் பிரிஞ்சது, 2004-ல கிருஷ்ணகிரி. அதனால: "சேலம் மாவட்டத்துல பிறந்து, தர்மபுரி மாவட்டத்துல கல்யாணம் பண்ணி, கிருஷ்ணகிரி மாவட்டத்துல ரிட்டயர் ஆனார். வீடு மட்டும் மாறல." பெரியப்பா கைதட்டுவார் பாரு. பெத்த பொண்ணுதான் கண்டம் மாறிட்டா. அதை அலமாரிக்குள்ள சொல்லிப் பாத்தேன், குரல் சரியா வரல, வெட்டிட்டேன்.

நான் வர மாட்டேன்னு அப்பாகிட்ட இன்னும் சொல்லாதே. தங்கற கார்டைப் புதுப்பிக்கக் குடுத்து மாசக்கணக்காச்சு. போன் எடுக்க ஆளில்ல, மெயிலுக்கு மட்டும் "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு தானா பதில் வருது. அது கைக்கு வராம கிளம்பினா திரும்ப உள்ள விடுவாங்களான்னு தெரியல. விசுவாவசு வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருமுறைதான் வருது, அந்த ஆபீஸுக்கு அதெல்லாம் யார் சொல்றது. பாதபூஜைக்கு நீ தனியாத்தான் உக்காரணும். என் பங்குக்குக் குரல் வரும்.

உனக்கு வேலை இருக்கு. அப்பாவோட பழைய ஐ.டி. கார்டு, கேன்டீன் டோக்கன், பரண் மேல இருக்கற சேஃப்டி ஷூ, மூணையும் ஜன்னல் வெளிச்சத்துல படம் எடு. ஃப்ளாஷ் வேண்டாம். தாத்தா படம் ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிட்டிருக்கு, பிரிச்சா முகம் கண்ணாடியோட போயிடும், அப்படியே கொஞ்சம் சாய்வா நின்னு எடு. கலர் படமெல்லாம் செவந்து போயிருக்குன்னு கவலைப்படாதே, அந்தக் காலத்துப் பிரிண்ட்ல நீலச் சாயம்தான் முதல்ல வெளுக்கும், நான் பாத்துக்கறேன். வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதே, டாக்குமெண்டா அனுப்பு. போட்டோவா வந்தா அது இளைச்சுப் போயிடுது, எல்.இ.டி. திரையில பெரிசாக்கினா கட்டம் கட்டமா உடையும்.

மண்டபத்துல ரெண்டு பேர்கிட்ட பேசிடு. நாதஸ்வரக்காரருக்கு அந்த ஏழு நிமிஷம் காப்பி குடுத்து உக்கார வை. சமையல்காரர்கிட்ட, படம் முடிஞ்சப்புறம்தான் இலை போடணும்னு கண்டிப்பா சொல்லு. முன்னாடியே பந்தி போட்டுட்டா, படம் பாக்க நீயும் திரை போடற பையனும்தான் இருப்பீங்க.

அன்புடன்,
அக்கா