பல் பிடித்துப் பார்க்காத சந்தை

மேச்சேரிச் சந்தையில் செம்மறிக் கிடா விற்க வந்தவரிடம் யாரும் கோப்பு கேட்பதில்லை. வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள், முதுகை அமுக்கிப் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் நான் பாடம் நடத்திய கல்லூரி, ‘நாக்’ தரச்சான்றுக்காகத் தன்னைத் தானே விற்கக் கிளம்பிய கதையைச் சொல்கிறேன். அங்கே பல்லை யாரும் பார்க்கவில்லை.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு தன்மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. துறைவாரியாக அவரவர் செய்ததை அவரவர் எழுதியது. முதல்வர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதெல்லாம் இப்ப செல்லாதுங்க. க்ரைட்டீரியா ஏழு, நீங்க ஏழு பேரு. பிரிச்சு எடுத்துக்குங்க.”

அவர் சொன்னதில் பிழையில்லை. 2017இல் வந்த முறைப்படி அறிக்கை ஏழு தலைப்புகளில்தான் இருக்க வேண்டியிருந்தது. மொத்தம் 1000 மதிப்பெண். இணைப்புக் கல்லூரி என்றால் கற்பித்தலுக்கு மட்டும் 350. பெரும்பகுதி மதிப்பெண் எண்ணிக்கைகளுக்குத்தான். அந்த எண்ணிக்கைகளை, கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர், இணையத்தில் ஏற்றிய ஆவணங்களைத் திறந்து சரிபார்த்தார். அதற்குத்தான் சான்று அட்டவணை: எந்த அளவுகோல், என்ன சொல்கிறோம், எந்த ஆவணம், எத்தனையாம் பக்கம், என்ன தேதி, யார் கையெழுத்து, எந்த இணைப்பு.

ஒழுங்காகச் செய்தால் நல்ல வேலை. ஓர் ஆவணத்துக்கு ஒரே எண். அதே நிகழ்ச்சி வேறு தலைப்பில் வந்தால் ‘ஆவணம் 17 காண்க’ என்று போட்டால் போதும், புதிதாகப் பெற்றெடுக்க வேண்டியதில்லை. நாங்கள் பெற்றெடுத்தோம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் பக்கத்து ஊரில் ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த முகாம் ஒன்று உண்டு. உண்மையாகவே நடந்தது, 43 பேர், இரண்டு நாள். அது 3.4.3இல் விரிவாக்கப் பணியாக ஒருமுறை பிறந்தது. 7.2.1இல் ‘சிறந்த நடைமுறை’யாக வேறு பெயரில் மறுபடி பிறந்தது, அங்கே 86 பேர். நாளுக்கு 43 என்றால் இரண்டு நாளைக்கு 86தானே என்றார் கணக்குத் துறைக்காரர். அவர் முனைவர் பட்டம் பெற்றவர்.

முகாமின் படத்தில் இடக்குறியீடு இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை அச்சான படம்தான் வேண்டும் என்றார்கள். ஆகவே இரண்டு வருடம் கழித்துப் பழைய பேனரை விரித்து, நாலு ஆட்டை இரவல் வாங்கி, மறுபடி மருந்து கொடுப்பதுபோல் நின்றோம். பேனரில் பழைய தேதி, படத்தின் அடியில் புதுத் தேதி. அறிக்கையில் ‘மேச்சேரிச் செம்மறி’. படத்தில் நின்றதோ வெள்ளாடு.

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் முகாமுக்குப் பின் தமிழில் கடிதம் கொடுத்திருந்தார்: “மருந்து குடுத்தீங்க, சரி. அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே.” வட்டார மொழி ஆவணத்தை ஆங்கிலமாக்கி முதல்வர் ஒப்பமிட வேண்டும் என்பது விதியாக இருந்தது. ஆங்கிலத்தில் அது, ‘கல்லூரியின் தொடர் ஈடுபாட்டை ஊர்மக்கள் ஆவலுடன் எதிர்நோக்குகின்றனர்’ ஆனது. தமிழைத் தடுத்துவிட்டால் பொய்யும் தடைபடும் என்று நினைத்தார்களோ என்னவோ!

பழைய அறிக்கையில் தமிழ்த்துறை ஒரு வரி எழுதியிருந்தது: சாயங்கால பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான், அதனால் மாணவிகள் நூலகத்தில் உட்காருவதே இல்லை. இந்த வரியை எங்கே வைப்பது? ஏழு தலைப்பில் எதிலும் அதற்கு இடமில்லை, வெட்டிவிட்டோம். ஆனால் 4.2.1 நாள்தோறும் நூலகத்தைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை கேட்டது. வருகைப் பதிவேடு நிரம்பியது: ஒரே நீல மை, ஒரே சாய்வு, நூறு கையெழுத்து. பஸ் இல்லை என்று சொன்ன பெண்பிள்ளைகளின் பெயரை எழுதியே, பஸ் தேவையில்லை என்று நிரூபித்தோம். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

இணைப்புகளையாவது சோதித்தோமா? எல்லாம் ஒரு விரிவுரையாளரின் சொந்தக் கணக்கில் கிடந்தன. உள்நுழையாத வேறு கைப்பேசியில் ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால், ‘அனுமதி கோரவும்’ என்று வருவது தெரிந்திருக்கும். நடு ராத்திரியில் அவர் மனைவிதான் கடவுச்சொல்லைத் தேடிக் கொடுத்தார்.

எங்களைவிடப் பெரிய கடைகளில் இந்தத் தொல்லையே கிடையாது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழக விவகாரத்தில், ஆய்வுக்குப் போன நாக் குழுத் தலைவர் உட்பட 10 பேரைச் சிபிஐ கைது செய்தது. 37 லட்சம் ரூபாய் ரொக்கம், மடிக்கணினிகள், ஐபோன் பிடிபட்டதாகச் சொன்னது. தரத்துக்கு அதுதான் சான்று அட்டவணை என்றால் நாங்கள் வெள்ளாட்டைத் தேடி அலைந்திருக்கவே வேண்டாம்.

எங்களிடம் சரிபார்ப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: பேனர் தேதிக்கும் படத்தின் தேதிக்கும் ஏன் இரண்டு வருட வித்தியாசம்? ‘கைப்பேசியின் தேதி அமைப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பப் பிழை’ என்று முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதத்தையும் அட்டவணையில் சேர்த்தோம். ஆவணம் 218.